க்விஸில் டிடக்டிவ் எது, இண்டக்டிவ் எது? ஆன்சர் கீயோடு ஒரு தகராறு

மல்லிகா_நெட்

யு.ஜி.சி. நெட் தேர்வின் முதல் தாளுக்குப் படிக்கிறேன். தர்க்கப் பகுதிக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று ஓர் இணையப் பாடத்தின் தத்துவ க்விஸை எழுதிப் பார்த்தேன். மூன்று கேள்விகளில் ஆன்சர் கீ சொல்வது எனக்கு ஒட்டவே இல்லை. விளக்கமும் கொடுக்கவில்லை. கேள்விகளைத் தமிழில் போடுகிறேன்.

கேள்வி 3: "இந்த வீட்டில் இருப்பவர்கள் கமலா, ரஹீம், ஜோசப் மூவர் மட்டுமே. கமலாவுக்கு நீச்சல் தெரியும். ரஹீமுக்குத் தெரியும். ஜோசப்புக்கும் தெரியும். ஆகவே இந்த வீட்டில் இருக்கும் எல்லாருக்கும் நீச்சல் தெரியும்." நான் இண்டக்டிவ் என்று போட்டேன். கீ: டிடக்டிவ்.

கேள்வி 5: "மழை பெய்தால் வாசல் நனையும். வாசல் நனைந்திருக்கிறது. ஆகவே மழை பெய்திருக்கிறது." முடிவு நிச்சயமில்லையே, அதனால் இதற்கும் இண்டக்டிவ் என்று போட்டேன். கீ: டிடக்டிவ், ஆனால் செல்லாது.

கேள்வி 8: "சிகரெட்டால் புற்றுநோய் வருவது நிரூபிக்கப்படவில்லை என்கிறார் இந்த ஆய்வாளர். அவர் சிகரெட் கம்பெனியிடம் பணம் வாங்குகிறவர். ஆகவே அவர் சொல்வது தவறு." என்ன பிழை என்று கேள்வி. நான் 'பிழை இல்லை' என்று போட்டேன். கீ: அட் ஹோமினெம், அதாவது வாதத்தை விட்டு ஆளைத் தாக்குவது.

யாராவது புரிய வையுங்கள்.

சுருதி78

ரொம்ப சிம்பிள். பொதுவிலிருந்து தனிக்கு வந்தால் டிடக்டிவ், தனியிலிருந்து பொதுவுக்குப் போனால் இண்டக்டிவ். எங்களுக்கு பி.எட்.டில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அதன்படி கேள்வி 3-இல் தனித்தனி ஆளில் ஆரம்பித்து 'எல்லாரும்' என்று முடிகிறது. நீங்கள் போட்டதுதான் சரி, கீ தப்பு. கேள்வி 5-இல் பொது விதி முதலில் வருகிறது, அதனால் அது டிடக்டிவ். அங்கே கீ சரி.

அளவையூர்

சுருதி, கேள்வி 5-க்கு உங்கள் விடை சரி, அதற்குச் சொன்ன காரணம் சரியில்லை. அந்த விதி பெரும்பாலான நேரம் வேலை செய்யும், அதனால்தான் விட மனம் வருவதில்லை. எங்கே உடைகிறது என்று பாருங்கள்.

"என் தாத்தா எண்பது தாண்டி வாழ்ந்தார், அப்பாவும் தாண்டினார், பெரியப்பாவும் தாண்டினார். ஆகவே சித்தப்பாவும் தாண்டுவார்." இது தனியிலிருந்து தனிக்கே போகிறது, 'எல்லாரும்' என்ற சொல்லே இதில் இல்லை. ஆனாலும் இதை டிடக்டிவ் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். சித்தப்பா அறுபதில் போய்விட்டாலும் முன் சொன்ன மூன்று வாக்கியமும் உண்மையாகவே இருக்கும்.

பார்க்க வேண்டியது போகும் திசையை அல்ல. வாதம் தன் முடிவுக்கு எவ்வளவு பொறுப்பேற்கிறது என்பதை. "முன் சொன்னவை உண்மையானால் இது பொய்யாகவே முடியாது" என்று பொறுப்பேற்றால் டிடக்டிவ். "அவை உண்மையானால் இது உண்மையாக இருக்க நல்ல வாய்ப்பு" என்ற அளவோடு நின்றால் இண்டக்டிவ்.

கேள்வி 3-ஐ இப்போது பாருங்கள். வீட்டில் மூவர் 'மட்டுமே' என்பது முன் வாக்கியத்திலேயே இருக்கிறது. மூவரையும் பார்த்தாயிற்று, மீதி ஆள் இல்லை. நான்கு வாக்கியமும் உண்மையாக இருந்து முடிவு மட்டும் பொய்யாகும் ஒரு வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். முடியாது. 'மட்டுமே' என்ற அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் உடனே இண்டக்டிவ் ஆகிவிடும், நான்காவதாக ஒருவர் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கலாம் அல்லவா.

நான் இலங்கையில் உயர்தர வகுப்புக்கு அளவையியல் படிப்பித்தவன். மாணவர் அதிகம் சறுக்குகிற இடம் இந்த 'மட்டுமே'தான்.

சுருதி78

ஐயா, பழைய புத்தகங்களில் இப்படி எல்லாரையும் எண்ணி முடிப்பதையும் இண்டக்ஷன் என்றுதான் போட்டிருக்கிறார்கள். 'பெர்ஃபெக்ட் இண்டக்ஷன்' என்று பெயரே இருக்கிறது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அளவையூர்

நல்ல பிடி. அப்படிப் போட்டிருப்பது உண்மை. அரிஸ்டாட்டிலே இண்டக்ஷன் எல்லாவற்றையும் எண்ணிச் செல்வது என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறார். அந்த வழக்கில் எழுதிய நூலை வைத்து வினாத்தாள் தயாரித்தால் மல்லிகாவின் விடை சரியாகிவிடும். இன்றைய அறிமுகப் பாடநூல்கள் பொறுப்பேற்பை வைத்துத்தான் பிரிக்கின்றன, அதனால் கீ டிடக்டிவ் என்கிறது. 'மேதமேட்டிகல் இண்டக்ஷன்' வந்தாலும் ஏமாறாதீர்கள். பெயர்தான் அப்படி, வேலை முழுக்க டிடக்டிவ்.

சுருதி78

அப்படியானால் கீ தப்பு என்று நான் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது :)

மல்லிகா_நெட்

மூன்றாவது புரிந்தது. ஆனால் நீங்கள் சொன்ன அதே அளவுகோலை வைத்தால் ஐந்தாவது எனக்கு இன்னும் குழப்புகிறது. வாசல் நனைந்திருக்கிறது, ஆனால் மழை பெய்யாமல் யாரோ தண்ணீர் தெளித்திருக்கலாம். முன் வாக்கியங்கள் உண்மை, முடிவு பொய். அப்படியானால் அது நிச்சயம் தராத வாதம். நிச்சயம் தராதது இண்டக்டிவ்தானே?

அளவையூர்

நிச்சயம் தருகிறதா என்பது ஒரு கேள்வி. தருவதாகச் சொல்கிறதா என்பது வேறு கேள்வி. ஜாமீன் போடுகிறேன் என்று கையெழுத்துப் போட்டவர் கையில் காசில்லாமல் போனாலும் அவர் ஜாமீன்தாரர்தான், மோசமான ஜாமீன்தாரர். ஐந்தாவது கேள்வி அப்படி. "பெய்தால் நனையும், நனைந்திருக்கிறது, ஆகவே பெய்திருக்கிறது" என்ற அந்தக் கட்டமைப்பு முழு நிச்சயத்துக்கு ஆசைப்படும் கட்டமைப்பு. 'ஒருவேளை', 'பெரும்பாலும்' எதுவும் இல்லை. நிச்சயம் தர முயன்று தோற்றிருக்கிறது. அதனால் செல்லாத டிடக்டிவ்.

மல்லிகா சொன்னபடி பிரித்தால் செல்லாத டிடக்டிவ் வாதம் என்று ஒன்றே உலகத்தில் இருக்க முடியாது. தோற்ற ஒவ்வொன்றும் இண்டக்டிவ் கூடைக்குள் போய் விழும். அப்புறம் விதியின் பின்பாதியை வைத்து முன்பாதியை முடிவுகட்டும் பிழைக்கு 'அஃபர்மிங் தி கான்சிக்வெண்ட்' என்று பெயர் வைக்க இடமே இருக்காது. க்விஸில் அந்தப் பெயர் ஒரு விடையாக இருந்தால், கேள்வி கேட்டவர் வாதத்தை டிடக்டிவாகத்தான் எடுத்திருக்கிறார் என்று அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

லேப்_குமரன்

நான் தத்துவம் படித்தவன் இல்லை, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஆனால் இந்த ஐந்தாவது கேள்வி ஒவ்வொரு மழைக்காலமும் எங்கள் கவுண்டருக்கு வருகிறது. "டெங்கு வந்தால் பிளேட்லெட் குறையும். என் பையனுக்குப் பிளேட்லெட் குறைந்திருக்கிறது. அப்போ டெங்குதானே?" இதைக் கேட்காத பெற்றோர் இல்லை. மலேரியாவில் குறையும், எலிக் காய்ச்சலில் குறையும், சாதாரண வைரஸ் காய்ச்சல் சிலவற்றிலும் குறையும். சில சமயம் ரத்தம் குழாயிலேயே கட்டிக்கொண்டு மெஷின் குறைவாகக் காட்டும், ஸ்லைடு போட்டுப் பார்த்தால் சரியாக இருக்கும்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். டாக்டர்களும் அதே பாதையில்தானே போகிறார்கள்? பிளேட்லெட் குறைவு, வெள்ளணு குறைவு, கண்ணுக்குப் பின்னால் வலி, தெருவில் ஏற்கெனவே டெங்கு. இதெல்லாம் பார்த்து "டெங்குவாக இருக்கலாம்" என்று எழுதுகிறார்கள். அவர்களும் பிழை செய்கிறார்களா?

அளவையூர்

இல்லை. நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது: 'இருக்கலாம்'. பெற்றோர் சொன்னதும் டாக்டர் சொன்னதும் ஒரே செய்தியிலிருந்து புறப்படுகின்றன. பெற்றோர் அதை முடிந்த தீர்ப்பாக எடுக்கிறார். டாக்டர் இருக்கிற விளக்கங்களில் எது நன்றாகப் பொருந்துகிறது என்று பார்த்து அதன் பக்கம் சாய்கிறார். பிறகு சாய்ந்தது சரியா என்று சோதிக்க உங்களிடம் அனுப்புகிறார்.

லேப்_குமரன்

ஆமாம், காய்ச்சல் வந்த முதல் சில நாட்களுக்குள் என்றால் என்.எஸ்.1, அதற்குப் பிறகு என்றால் ஐ.ஜி.எம். டெஸ்ட் எழுதுவார்கள். என்.எஸ்.1 நெகட்டிவ் என்றாலும் டெங்கு இல்லை என்று உடனே விட்டுவிட மாட்டார்கள், நாள் தள்ளி வந்திருக்கலாம்.

அளவையூர்

அதுதான் இண்டக்டிவ் வாதத்தின் குணம். புதுச் செய்தி வந்தால் பலம் ஏறும், இறங்கும். செல்லுபடியாகும் டிடக்டிவ் வாதத்தில் இன்னும் எத்தனை செய்தி சேர்த்தாலும் முடிவு அசையாது. க்விஸில் சந்தேகம் வந்தால் இப்படிச் செய்து பாருங்கள்: முன் வாக்கியங்களை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றை மறுக்காத ஒரு புது வாக்கியத்தைச் சேருங்கள். நீச்சல் வீட்டில் எதைச் சேர்த்தாலும் முடிவு நிற்கும். சித்தப்பா கதையில் "அவருக்குச் சிறு வயதிலிருந்தே இதய நோய்" என்று சேர்த்தாலே ஆட்டம் காணும்.

மல்லிகா_நெட்

ஐயா, அந்தச் சோதனையை ஐந்தாவதுக்குப் போட்டுப் பார்த்தேன். "வேலைக்காரம்மா இப்போதுதான் தண்ணீர் தெளித்தார்" என்று சேர்த்தால் ஆட்டம் காண்கிறது. அப்போ திரும்பவும் இண்டக்டிவ் பக்கம்தானே போகிறது?

அளவையூர்

சரியாகவே பிடித்துவிட்டீர்கள். அந்தச் சோதனை செல்லுபடியாகும் வாதத்தைத்தான் காட்டிக்கொடுக்கும். மீதி இருப்பதில் செல்லாத டிடக்டிவ் எது, இண்டக்டிவ் எது என்று அது பிரிக்காது. அங்கே வாதத்தின் வடிவத்தையும் சொல்லையும்தான் பார்க்க வேண்டும். 'என்றால்' போட்ட ஒரு விதி, பிறகு அதன் ஒரு பாதி, பிறகு தயக்கமே இல்லாத முடிவு என்று வந்தால் டிடக்டிவ் என்று எடுங்கள். வாக்கெடுப்பு, மாதிரி, ஒப்புமை, நிபுணர் கருத்து, நாளைக்கு என்ன நடக்கும், எதனால் நடந்தது என்று வந்தால் இண்டக்டிவ் என்று எடுங்கள்.

இது வழக்கம்தான், இயற்கை விதி இல்லை. வாதங்களில் இரண்டு வகையே கிடையாது, ஒரே வாதத்தை இரண்டு அளவுகோலால் அளக்கலாம், அவ்வளவுதான் என்று சொல்கிற தத்துவவாதிகளும் உண்டு. அவர்களிடம் கேட்டால் கேள்வி 5 டிடக்டிவ் அளவுகோலில் தோல்வி, இண்டக்டிவ் அளவுகோலில் சுமார் என்பார்கள். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. ஆனால் நான்கு விடையில் ஒன்றை அழுத்தச் சொல்லும் தேர்வில் அதை எழுத இடம் இல்லை.

பழந்தாள்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். மல்லிகா நெட் எழுதுகிறார் என்றால் இந்திய தர்க்கமும் பாடத்திட்டத்தில் இருக்கிறதே, வியாப்தி என்னும் மாறாத தொடர்பு, ஹேத்வாபாசம் என்னும் போலிக் காரணம் எல்லாம். மணிமேகலை 29-ஆம் காதையைப் படியுங்கள். அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த தர்க்கத்தையே பாடமாக நடத்துகிறார். பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, எடுத்துக்காட்டுப் போலி 10 என்று முப்பத்து மூன்று போலிகள் அங்கே இருக்கின்றன. காப்பியத்துக்கு நடுவில் இப்படி ஒரு வகுப்பு! என் கேள்வி: "அந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையைப் போல" என்பது டிடக்டிவா இண்டக்டிவா?

குறுக்குக்கேள்வி

மேற்கத்தியக் கட்டத்துக்குள் இதை ஏன் திணிக்க வேண்டும்?

அளவையூர்

திணித்தால் இரண்டு கட்டத்திலும் ஒரு கால் நிற்கும். புகை இருக்கும் இடமெல்லாம் நெருப்பு என்ற வியாப்தி பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. அதை இந்த மலைக்குப் பொருத்துவது டிடக்டிவ் நடை. அடுக்களை என்ற எடுத்துக்காட்டு, அந்த விதி எங்கிருந்து வந்தது என்பதை மறக்க விடாமல் கூடவே நிற்கிறது. மேற்கத்திய முக்கூற்று வடிவத்தில் அந்த அடையாளம் காணாமல் போய்விடும்.

பழந்தாள் கொண்டுவந்தது கேள்வி 5-க்கே உதவுகிறது. இதைத் திருப்பிச் சொல்லுங்கள்: "அங்கே புகை இருக்கிறது, ஏனென்றால் நெருப்பு இருக்கிறது." நியாய தத்துவ மரபினரான நையாயிகர்கள் இதற்குக் காட்டும் எதிர் உதாரணம் பழுக்கக் காய்ச்சிய இரும்பு உருண்டை. நெருப்பு உண்டு, புகை இல்லை. ஏது என்னும் காரணம், நிறுவ வேண்டிய பொருள் இல்லாத இடத்திலும் போய் நிற்கிறது. மணிமேகலையில் அநைகாந்திகம் என்று வருவதில் இது ஒரு வகை. ஈர வாசலும் குறைந்த பிளேட்லெட்டும் இதே சாதிதான்: மழை இல்லாத இடத்திலும் ஈரம், டெங்கு இல்லாத இடத்திலும் பிளேட்லெட் குறைவு.

பழந்தாள்

அப்படியானால் அஃபர்மிங் தி கான்சிக்வெண்ட்டும் அநைகாந்திகமும் ஒன்று என்று எழுதலாமா?

அளவையூர்

வேண்டாம். ஒன்று வாக்கிய வடிவத்தின் பிழை, மற்றது ஏதுவின் பிழை. இங்கே இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன, அவ்வளவுதான்.

குறுக்குக்கேள்வி

சரி, எட்டாவது கேள்விக்கு வருவோம். நான் மல்லிகா பக்கம். சிகரெட் கம்பெனி காசு வாங்குகிறவனை நம்பக் கூடாது என்பது பிழையா? அதைத்தானே உலகமே செய்கிறது? அட் ஹோமினெம் என்று சொல்லியே காசு வாங்கினவனெல்லாம் தப்பித்துக்கொள்கிறான்.

அளவையூர்

நம்பக் கூடாது என்பது ஒரு முடிவு. அவர் சொல்வது தவறு என்பது இன்னொரு முடிவு. கேள்வியின் கடைசி வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். "ஆகவே அவர் வார்த்தையை மட்டும் வைத்து ஏற்க முடியாது" என்று முடிந்திருந்தால் பிழை இல்லை என்பதே சரியான விடை. சாட்சியின் சொல்லையே ஆதாரமாகக் கேட்கும்போது சாட்சி யார் என்று பார்ப்பது நியாயம். கேள்வியில் அப்படி முடியவில்லை, "அவர் சொல்வது தவறு" என்று முடிகிறது. காசு வாங்கினதால் நுரையீரலில் நடப்பது மாறாது.

இதற்கு நிஜமான ஒரு கதை உண்டு. 1950-இல் டோல், ஹில் என்ற இருவர் லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோயாளிகளையும் மற்ற நோயாளிகளையும் ஒப்பிட்டுப் புகைப்பழக்கத்துக்கும் நோய்க்கும் வலுவான தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள். எதிர்த்தவர் சாதாரண ஆள் இல்லை. ஆர். ஏ. ஃபிஷர், நவீன புள்ளியியலின் அடித்தளத்தைப் போட்டவர்களில் ஒருவர். அவர் பிரிட்டிஷ் புகையிலைத் தயாரிப்பாளர்களின் குழுவுக்கு ஆலோசகர், தாமும் பைப் புகைப்பவர். 1957, 58-இல் அவர் எழுதியதன் சாரம் இது: இரண்டும் சேர்ந்து வருவதால் ஒன்று மற்றதை உண்டாக்கியது என்று ஆகாது. புகைக்கும் ஆசையையும் புற்றுநோயையும் ஒரே மரபணு தூண்டியிருக்கலாம்.

இப்போது சொல்லுங்கள், "ஃபிஷர் காசு வாங்கினார், ஆகவே தவறு" என்று முடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் வைத்த கேள்வி அப்படியே நின்றிருக்கும். அது நல்ல கேள்வி. 1959-இல் கார்ன்ஃபீல்டும் உடன் எழுதியவர்களும் அதற்குக் கணக்காலேயே பதில் சொன்னார்கள். புகைப்பவருக்கு ஆபத்து ஒன்பது மடங்கு என்றால், அது முழுக்க மறைந்திருக்கும் ஒரு காரணத்தால் வந்ததென்றால், அந்தக் காரணம் புகைக்காதவர்களைவிடப் புகைப்பவர்களிடம் குறைந்தது ஒன்பது மடங்கு அதிகமாகக் காணப்பட வேண்டும். அப்படி ஒரு மரபணுவை யாராலும் காட்ட முடியவில்லை.

குறுக்குக்கேள்வி

நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கு ஒன்று உறுத்துகிறது. சேர்ந்து வருவதைக் காரணம் என்று எடுப்பது பிழை என்று இன்று எல்லாத் தர்க்கப் பாடத்திலும் சொல்லிக்கொடுக்கிறார்கள், ஃபிஷர் சொன்னதும் அதுதான். அவர் பிழைக்குச் சரியான பெயர் வைத்தார். முடிவில் தோற்றார். அப்போ பிழைக்குப் பெயர் வைத்து என்ன லாபம்?

அளவையூர்

ஒரு வாதம் பிழை என்று காட்டினால் அந்த வாதம் விழும், அதன் முடிவு விழாது. டோல், ஹில்லின் தொடர்பு மட்டும் போதாது என்று அவர் சொன்னது சரி. ஆனால் அதோடு ஆதாரம் நிற்கவில்லை. 1951-இலிருந்து பிரிட்டிஷ் டாக்டர்களையே வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அதிகம் புகைத்தவருக்கு ஆபத்து அதிகம், விட்டவருக்குக் குறைகிறது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. தனித்தனியாக எதுவும் நிச்சயம் தராது, சேர்ந்தபோது பலம் வந்தது.

லேப்_குமரன்

இதைக் கேட்டதும் பப்பாளி இலைச் சாறு ஞாபகம் வருகிறது. "சாறு குடித்தான், மூன்றே நாளில் பிளேட்லெட் ஏறிவிட்டது" என்பார்கள். டெங்குவில் ஒரு வாரத்தை ஒட்டிப் பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே ஏறும், குடிக்காதவர்களுக்கும் ஏறுவதை நான் தினம் ரிப்போர்ட்டில் பார்க்கிறேன். இதற்குக் க்விஸில் என்ன பெயர்?

சுருதி78

ஹேஸ்டி ஜெனரலைசேஷன். ஒரு ஆளை வைத்துப் பொது விதி.

மல்லிகா_நெட்

இல்லை சுருதி, அவர்கள் "எல்லாருக்கும் ஏறும்" என்று சொல்லவில்லையே. "இவனுக்கு இதனால் ஏறியது" என்கிறார்கள். பின்னால் வந்ததால் அதனால் வந்தது என்பது போஸ்ட் ஹாக். அடுத்த வாக்கியமாக "ஆகவே டெங்குக்கு எல்லாரும் இதைக் குடியுங்கள்" என்று வந்தால் அப்போது உங்கள் விடையும் சேரும். ஐயா, சரியா?

அளவையூர்

சரி. எந்த இணைப்பு அறுகிறது என்று பார்த்தீர்கள், அதுதான் வழி. சாறு வேலை செய்யாது என்று இதனால் நிரூபணம் ஆகவில்லை என்பதையும் குமரன் கவனிக்க வேண்டும். அதற்குக் குடித்தவர்களையும் குடிக்காதவர்களையும் ஒரே நிலையில் வைத்து ஒப்பிட வேண்டும்.

குறுக்குக்கேள்வி

எட்டாவதில் 'பிழை இல்லை' என்பதற்கு இன்னும் இடம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். சாதாரணப் பேச்சில் "அவன் சொல்வது தவறு" என்றால் "அவனை நம்பாதே" என்று பொருள் கொள்ளலாம். ஐந்தாவதில் சொல்லை அப்படியே எடுக்கச் சொன்னீர்கள், சரி. ஆனால் மனிதர்கள் அப்படிப் பேசுவதில்லையே.

அளவையூர்

பேச்சில் கேட்டால் நானும் உங்கள் பொருளில்தான் எடுத்துக்கொள்வேன். வினாத்தாளில் திருப்பிக் கேட்க ஆள் இல்லை, எழுதியிருப்பதை எடுக்கிறேன்.

குறுக்குக்கேள்வி

அப்போ தவறு க்விஸ் எழுதியவர் மேல்.

மல்லிகா_நெட்

கேள்வி 3-க்கு அவர்கள் எந்த நூலின் வழக்கைப் பின்பற்றுகிறார்கள் என்று கேட்டுப் பாடக் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். நெட்டில் நெகட்டிவ் மார்க் இல்லை, அதனால் எப்படியும் ஒன்றை அழுத்தத்தான் போகிறேன். பழந்தாள், அந்த 29-ஆம் காதைக்கு எளிமையான உரை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். மூலத்தில் பத்து வரி தாண்டவில்லை.